ஓசோன் சிதைவு: வினைவகை 1.6 வருவது என் தப்பா?

வணக்கம். ஓசோன் சிதைவுக்கு ஸ்டெடி ஸ்டேட் முறையில் வேக விதி எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்களேன்.

```
O3 ⇌ O2 + O     (k1, k-1)
O + O3 → 2 O2   (k2)
```

O அணுவின் செறிவு மாறாது என்று வைத்தால்:

```
[O] = k1[O3] / (k-1[O2] + k2[O3])
-d[O3]/dt = 2 k1 k2 [O3]² / (k-1[O2] + k2[O3])
```

அந்த 2 முதலில் எனக்கு வரவில்லை. முதல் படியிலும் ஓசோன் செலவாவதை மறந்துவிட்டேன், வழக்கம்போல.

O2 நிறைய இருந்தால் ஓசோனுக்கு 2, O2-வுக்கு −1 என்று புத்தகத்தில் உள்ள விடையே வருகிறது. O2-வை இரட்டித்தால் வேகம் பாதியாகிறது, அதுவும் சரி. சிக்கல் நடுவில்தான். பயிற்சிக் கணக்கில் கொடுத்த ஆரம்ப வேகங்களுக்கு மடக்கை வரைபடம் போட்டால், ஓசோனுக்குச் சாய்வு சுமார் 1.6, O2-வுக்கு −0.6. யோசித்ததில், பகுதியில் k2[O3]-இன் பங்கு 0.4 ஆக இருந்தால் 2 − 0.4 = 1.6 வரத்தான் வேண்டும். இரண்டையும் கூட்டினால் 1. அப்படியானால் இது பிழையே இல்லையா?

அப்புறம், k1 கண்டுபிடிக்க [O3]/வேகம் என்பதை [O2]/[O3]-க்கு எதிராக வரைந்தேன். வெட்டுத்துண்டு 1/(2k1) ஆக இருக்க வேண்டும். O2 அதிகமுள்ள புள்ளிகளை மட்டும் எடுத்தால் அது எதிர்க்குறியில் வருகிறது! O2 குறைவான புள்ளிகள் இல்லாமல் k1-ஐப் பிரிக்கவே முடியாதா, அல்லது வேறு வழி இருக்கிறதா?