நெய்பர் டிஸ்கவரிக்குத் தமிழ்ச் சொல்: அண்டை கண்டுபிடிப்பா, அண்டை அறிவிப்பா?

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம்.

சுவிட்ச் பராமரிப்புக் கையேட்டில், பக்கத்துக் கருவிகளைத் தெரிந்துகொள்ள உதவும் எல்எல்டிபி என்ற நெறிமுறை பற்றிய பகுதியில் இருக்கிறேன். எந்தச் சுவிட்சின் எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி செருகியிருக்கிறது என்று வரைபடம் போடக் கற்றுத்தரும் பகுதி அது. 'நெய்பர் டிஸ்கவரி' வரும் இடமெல்லாம் இப்போதைக்கு 'அண்டை கண்டுபிடிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் 'யார் கண்டுபிடித்தது?' என்று எழுதி அனுப்பிவிட்டார். சிரித்தாலும், அவர் கேட்டதில் தப்பில்லை. வேறு சொல் வேண்டும்.

சரவணன்:

'அயல் தேடல்' என்று போடலாம் அக்கா. நடப்பது தேடல்தானே? சுவிட்ச் ஒவ்வொரு போர்ட் வழியாகவும் 'அங்கே யார்?' என்று கேட்கிறது, எதிரில் இருக்கும் கருவி பதில் சொல்கிறது. சுருக்கமாகவும் இருக்கும்.

முருகேசன்:

தம்பி சரவணன், அங்கேதான் இடிக்கிறது. எல்எல்டிபியில் கேள்வியே கிடையாது. யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் பதில் சொல்வதும் இல்லை. ஒவ்வொரு கருவியும் தன் ஒவ்வொரு போர்ட் வழியாகவும், வழக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை, 'நான் இன்னார், இது என் இன்ன போர்ட், இந்தச் செய்தி இத்தனை வினாடிக்குச் செல்லும்' என்று சொல்லிவிட்டுப் போகிறது. செவிகொடுப்பவர் இருக்கிறாரா என்று அது பார்ப்பதே இல்லை. மறுமுனையில் இருப்பது அதைக் காதில் வாங்கிக் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 2005இல் 802.1ஏபி என்ற தரமாக வந்ததிலிருந்து அடிப்படை இதுவே.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு லினக்ஸ் கணினியை எல்எல்டிபி பேசும் சுவிட்சில் செருகி இதைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கமிருந்து எதுவும் அனுப்ப வேண்டாம்.

```
tcpdump -nn -v -c 1 -Q in -i eth0 ether proto 0x88cc
```

அரை நிமிடத்துக்குள் சுவிட்சின் பெயரும் போர்ட்டின் பெயரும் வந்து விழும். கேட்காமலேயே வந்ததை 'தேடல்' என்றால், கையேட்டைப் படிக்கிறவர் பிறகு 'ஏன் இந்தக் கருவி பதில் தரவில்லை?' என்று தவறான இடத்தில் குடைந்துகொண்டிருப்பார்.

தேவகி:

எனக்கு வலையமைப்பு அவ்வளவு தெரியாது, சொல் பற்றி மட்டும் பேசுகிறேன்.

'அயல்' வேண்டாம் என்பேன். 'அண்டை அயல்' என்று சேர்த்துச் சொன்னால் பக்கத்து வீடுதான். ஆனால் தனியே நின்றால் இன்று அது விலகிப் போய்விட்டது. அயல்நாடு என்றால் வெளிநாடு, அண்டை நாடு என்றால் எல்லையைத் தொட்டு நிற்பது. 'அண்டு' என்ற வினைக்கே நெருங்கு என்றுதானே பொருள்? கம்பியின் அடுத்த பக்கத்தில் இருக்கும் கருவிக்கு அண்டைதான் பொருந்தும்.

இரண்டாம் பாதிக்கு: முருகேசன் ஐயா சொன்னதைப் பார்த்தால் ஒருவர் அறிவிக்கிறார், இன்னொருவர் அறிகிறார். தமிழில் இரண்டும் ஒரே வேர். 'அறி'யின் பிறவினைதான் 'அறிவி'. போகிற செய்தியை 'அண்டை அறிவிப்பு' என்றும், வாங்கிக்கொள்வதை 'அண்டை அறிதல்' என்றும் வைத்தால் இரண்டு சொல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.

சரவணன்:

சரி, கேள்வி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஐபிவி6இன் நெய்பர் டிஸ்கவரியை மனதில் வைத்துச் சொல்லிவிட்டேன். அதில் உண்மையிலேயே கேள்வி உண்டு, பதிலும் உண்டு. அப்படியானால் 'அண்டை' என்ற சொல்லை அதற்கு விட்டுவிடலாம் அல்லவா? எல்எல்டிபி சொல்வது கம்பியின் எதிர்முனையில் என்ன இருக்கிறது என்பதைத்தான். அதனால் 'எதிர்முனை அறிவிப்பு'. படம் கண்ணில் நிற்கிறது பாருங்கள்: ஒரு கம்பி, அதற்கு இரண்டு முனை.

நஸ்ரின்:

எல்எல்டிபி பற்றிப் பேச்சு ஓடுவதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும். sw-a2 என்ற சுவிட்சில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். 17ஆம் போர்ட்டில் இப்படி வருகிறது:

```
Local Intf   System Name   Port ID             TTL
Gi1/0/17     srv-db        02:00:00:aa:10:01   120
Gi1/0/17     srv-web       02:00:00:aa:10:02   120
Gi1/0/17     sw-b1         Gi1/0/48            120
```

ஒரு போர்ட்டில் ஒரு கம்பிதான் செருக முடியும். மூன்று பேர் எப்படி? இதை வைத்துப் படம் வரைந்தால் ஒரு புள்ளியிலிருந்து மூன்று கோடு போகிறது. 22ஆம் போர்ட்டில் ஒரு பிரிண்டர் இருக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் பட்டியலில் அது வரவே இல்லை. எல்எல்டிபியை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன்.

முருகேசன்:

அம்மா நஸ்ரின், மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் கேட்டது இந்த விவாதத்துக்கே தேவையானது.

பிரிண்டர் எளிது. அது அறிவிப்பதில்லை, அதனால் தெரிவதில்லை. சுவிட்ச் பக்கம் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் மாறாது. அதற்குச் சுவிட்சின் மேக் முகவரிப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். முதலில் பிரிண்டருக்கு ஒரு பிங் விடுங்கள். அது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அந்தப் பட்டியலிலிருந்தும் உதிர்ந்துவிடும், பல சுவிட்சுகளில் 300 வினாடிதான் கெடு. பிங் விட்ட கையோடு இது:

```
show mac address-table interface Gi1/0/22
```

17ஆம் போர்ட்தான் சுவையானது. நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அமைப்பு எதுவும் செய்ய முடியாத, செருகினால் வேலை செய்யும் வகை. எல்எல்டிபி செய்தி 01:80:C2:00:00:0E என்ற முகவரிக்குப் போகிறது. தரத்தை மதிக்கும் சுவிட்ச் எதுவும் அந்த முகவரிக்கு வந்ததை அடுத்த போர்ட்டுக்குக் கடத்தாது, தன்னோடு நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் பக்கத்தில் இருப்பவர் மட்டும் தெரிகிறார். சில மலிவு சுவிட்சுகளுக்கு இந்த விதி தெரியாது. ஏதோ ஒரு மல்டிகாஸ்ட் என்று எல்லாப் பக்கமும் அள்ளி வீசிவிடும். தான் மட்டும் வாய் திறக்காது. ஆகவே பட்டியலில் அதைத் தவிர எல்லோரும் இருப்பார்கள்.

இரண்டு விதமாக உறுதிசெய்யலாம். ஒன்று, srv-db கணினியில் lldpd என்ற எல்எல்டிபி நிரல் ஓடுவதால்தான் அதன் பெயர் உங்களுக்கு வருகிறது. அதற்குள் போய்

```
lldpcli show neighbors
```

போடுங்கள். நேரடிக் கம்பி என்றால் sw-a2 மட்டும் தெரியும். sw-a2, srv-web, sw-b1 மூன்றும் தெரிந்தால் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பொருள்.

இரண்டாவது, நிறுத்தக்கூடிய நேரமாகப் பார்த்து srv-web கணினியின் கம்பியை உருவுங்கள். நேரடி இணைப்பாக இருந்தால் sw-a2இல் 17ஆம் விளக்கு அணையும். அணையாமல், srv-web வரி மட்டும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் பட்டியலில் தொங்கிவிட்டு மறைந்தால், நடுவில் ஆள் இருக்கிறார். 30 வினாடி அறிவிப்பு நான்கு முறை வராவிட்டால்தான் 120 வினாடிக் கெடு முடிந்து பெயர் அழிகிறது.

இன்னொன்று. போர்ட்டின் பெயரைப் படிக்கும்போது கவனம். லினக்ஸில் lldpd தன் போர்ட் அடையாளமாக மேக் முகவரியைத் தருகிறது, eth0 போன்ற பெயர் விளக்கமாகத்தான் வருகிறது. உங்கள் பட்டியலில் sw-b1 மட்டும் Gi1/0/48 என்று அழகாகச் சொல்வது அதனால்தான். சுவிட்சுகளில் விளக்கம் என்பது பெரும்பாலும் யாரோ எப்போதோ கையால் அடித்த வரி. அதை நம்பி ஒரு முறை தவறான கம்பியை உருவியவன் நான்.

தேவகி:

படித்தவரை எனக்குப் புரிந்தது: நஸ்ரின் சொல்லும் மூன்றில் ஒன்றுகூட கம்பியின் எதிர்முனை இல்லை. எதிர்முனையில் இருப்பது வாய் திறக்காத அந்தச் சின்னப் பெட்டி. அப்படியானால் சரவணன் சொன்ன 'எதிர்முனை அறிவிப்பு' இந்த இடத்தில் நேராகப் பொய் சொல்லும். 'அண்டை' அந்த அளவுக்கு வாக்குக் கொடுப்பதில்லை.

சரவணன்:

அதையேதான் நான் மறுபக்கமாகச் சொல்கிறேன். 'அண்டை' என்று பட்டியல் சொல்லும், வரைபடத்தில் கோடு போடுகிறவர் அதைக் கம்பி என்று எடுத்துக்கொள்வார். நஸ்ரின் அக்காவின் மூன்று கோடுகள் அப்படி வந்தவைதானே? 'எதிர்முனை' என்ற சொல்லைத் தூக்கிப் போட வேண்டாம். அறிவிப்பில் வந்தது அண்டை, கம்பியைச் சரிபார்த்த பிறகு எதிர்முனை. இரண்டு சொல்லும் கையேட்டில் வேண்டும்.

முருகேசன்:

இது நல்ல பிரிவு. முதலில் கேட்டபோது எனக்கு எதிர்முனை பிடிக்கவில்லை, இப்போது மாற்றிக்கொள்கிறேன். வரைபடம் போடும் நிரலுக்கும் இதே விதி வைக்கலாம். ஒரு போர்ட்டில் ஒரே அண்டை, அந்த அண்டையின் பட்டியலிலும் நம் போர்ட் மட்டும் இருக்கிறது என்றால் முழுக்கோடு. ஒன்றுக்கு மேல் வந்தால் நடுவில் பெயரில்லாத ஒரு கட்டம் வரைந்து, அதிலிருந்து புள்ளிக்கோடு.

அப்படியும் தவறு நேரலாம். சின்னப் பெட்டிக்குப் பின்னால் பேசுகிற கருவி ஒன்றே ஒன்று இருந்தால் இந்தச் சோதனை ஏமாந்துபோகும். அங்கே கண்ணால் கம்பியைத் தொடர்ந்து போவதுதான் வழி.

கயல்விழி:

அப்படியானால் கையேட்டில் இப்படி எழுதுகிறேன். கருவி அனுப்புவது அண்டை அறிவிப்பு. வாங்கிச் சேர்ப்பது அண்டை அறிதல். சேர்ந்து கிடப்பது அண்டைப் பட்டியல். சரிபார்த்த கம்பிக்கு எதிர்முனை.

ஐபிவி6 தொல்லை அப்படியே நிற்கிறது. அங்கே கேட்பதை 'அண்டை வினவல்' எனலாம் என்று தோன்றுகிறது, ஆனால் அந்தப் பகுதியை எழுதுகிறவர் வேறொருவர், அவரிடம் கேட்காமல் முடிவு செய்யமாட்டேன். போர்ட்டை 'துறை' என்பதா, 'செருகுவாய்' என்பதா, போர்ட்டாகவே விடுவதா என்பதில் எனக்கு இன்னும் மனம் நிற்கவில்லை. இந்த இழை முழுக்கப் போர்ட் என்றே எழுதியிருக்கிறோம், நான் உட்பட.

தேவகி:

துறை என்றால் கப்பலும் வரும், அரசு அலுவலகமும் வரும். செருகுவாய் சொல்லிப் பாருங்கள், கையில் கம்பி இருப்பதுபோல் இருக்கிறது.

சரவணன்:

ஆனால் ஒரே பெட்டியில் டிசிபி போர்ட்டும் இருக்கிறதே. அது வெறும் எண்தான், அதில் எதைச் செருகுவது?

நஸ்ரின்:

srv-dbஇல் பார்த்தேன், மூன்று பெயரும் வந்தன. ரேக்கின் பின்பக்கம், கம்பிக் கட்டுக்கு அடியில், எட்டு போர்ட் உள்ள சின்ன சுவிட்ச் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதை எடுத்துவிட்டு மூன்றையும் sw-a2இன் 17, 18, 19ஆம் போர்ட்டுகளில் நேராகச் செருகினேன். இப்போது ஒவ்வொன்றிலும் ஒரே வரி.

பிரிண்டரின் மேக் முகவரியும் கிடைத்துவிட்டது. ஆனால் 22இல் அதோடு இன்னொரு முகவரியும் சேர்ந்து வருகிறது. எல்எல்டிபியில் அங்கே இப்போதும் வெறுமைதான். இந்த இரண்டாவதுக்கு அண்டை என்றும் எழுத முடியாது, எதிர்முனை என்றும் எழுத முடியாது. வரைபடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.