தேதி தெரியாமல் தத்தெடுப்பு லீவ் கேட்ட அனுபவம்

மழைத்துளி: நானும் கணவரும் வேறு வேறு தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். தத்தெடுப்புக்கான மத்திய அமைப்பான காராவில் பதிந்து, வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஹோம் ஸ்டடி முடிந்து, வருடக்கணக்கில் காத்திருந்தோம். வரிசையில் முன்னுக்கு வந்ததும் லீவுக்கு விண்ணப்பித்தேன். "தொடங்கும் தேதி இல்லாமல் சிஸ்டம் எடுத்துக்கொள்ளாது, தோராயமாக ஒன்று போடுங்கள்" என்றார் எச்.ஆர். நான் போடவில்லை. அந்தத் தேதியில் குழந்தை வராவிட்டால் லீவ் வீணாக ஓடிக்கொண்டிருக்கும்.

தேதிக்குப் பதிலாக நடக்கப்போவதை எழுதிக் கொடுத்தேன்: "காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ரிசர்வ் செய்ய வேண்டும். செய்த அன்றே உங்களுக்கு மெயில் அனுப்புவேன். அதிலிருந்து 30 நாளுக்குள் நேரில் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றபின் 10 நாளுக்குள் ஒப்படைப்பார்கள். குழந்தை கைக்கு வரும் நாளே லீவின் முதல் நாள்." கூடவே ஓர் உதாரணம்: மார்ச் 3 ரிசர்வ் என்றால் ஏப்ரல் 2க்குள் ஏற்பு, ஏப்ரல் 12க்குள் லீவ் தொடங்கும். இதைப் பார்த்த பிறகுதான் மேலாளருக்கு விஷயம் பிடிபட்டது. சிஸ்டத்தில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டு, மெயிலிலேயே ஒப்புதல் தந்தார்கள்.

தென்றல்73: இவ்வளவு சிரமம் எதற்கு? நாங்கள் என் கொழுந்தனார் குழந்தையைத் தத்தெடுத்தோம். நல்ல நாள் பார்த்து, பத்திரம் பதிவு செய்து, அந்தத் தேதியையே ஆபீசில் கொடுத்தேன். நீங்களும் நாள் குறித்துவிடலாமே?

மழைத்துளி: அக்கா, உங்களுடையது சொந்தத்துக்குள் நடந்தது. எங்களுக்கு எந்த மாநிலத்துக் குழந்தை என்பதே கடைசி வரை தெரியாது.

கணக்குப்பிள்ளை: மாவட்ட ஆட்சியர் உத்தரவு வரும்வரை காரா மூலம் எடுப்பது சட்டப்படி தத்து ஆகாது. உத்தரவு நகல் இல்லாமல் எந்த அலுவலகமும் லீவ் தராது. அந்தத் தேதியைப் போடுவதுதான் சரி.

வைகைக்கரை: தத்தெடுப்பு நிறுவனம் ஒன்றில் சமூகப் பணியாளராக இருந்தவள் நான். முதல் வரி சரி. 2022 செப்டம்பரிலிருந்து நீதிமன்றத்துக்குப் பதில் ஆட்சியர்தான் உத்தரவு தருகிறார். ஆனால் குழந்தை அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். விண்ணப்பம் போனபின் உத்தரவுக்கு விதியே இரண்டு மாதம் தருகிறது. அதுவரை லீவ் இல்லையென்றால், புது இடத்தில் இரவெல்லாம் அழும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? ஒப்படைக்கும்போது பெற்றோர் கையெழுத்திடும், தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு உறுதிமொழியின் நகலை எச்.ஆரிடம் கொடுக்கலாம். மத்திய அரசு ஊழியர் விதியும் அந்தக் கட்டத்திலேயே லீவ் எடுக்க விடுகிறது. பிறகு தத்து நிறைவேறாமல் போனால் எடுத்த நாட்களை வேறு லீவில் கழிப்பார்கள். தனியார் நிறுவனத்திலும் இந்த ஒரு வரியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மழைத்துளி, உங்கள் 40 நாள் கணக்கு விதி சொல்லும் எல்லை மட்டும்தான். மருத்துவ அறிக்கையில் சந்தேகம் வந்து வேறு டாக்டரிடம் காட்டினால், தத்தெடுப்புக் குழு கூடத் தாமதமானால், இழுக்கும். ஆனால் பெற்றோரைத் திணறடிப்பது பெரும்பாலும் சீக்கிரம் வருவதுதான். சில இடங்களில் பார்க்கப்போன பயணத்திலேயே குழு கூடி, குழந்தையோடு அனுப்பிவிடுவார்கள்.

மழைத்துளி: எங்களுக்கு அப்படியேதான். ஒடிசாவுக்குப் பார்க்கப் போனோம், மூவராகத் திரும்பினோம். ரயிலில் ஒரு கையில் பால் பாட்டில், மறு கையில் போனை வைத்துக்கொண்டு "இன்று முதல் லீவ்" என்று மெயில் அடித்தேன். நல்லவேளை, ரிசர்வ் செய்த அன்றே வேலையை ஒப்படைக்கும் குறிப்பைத் தோழியிடம் கொடுத்திருந்தேன்.

நெய்தல்: குழந்தையின் வயது இடிக்கவில்லையா? மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்தில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தானே 12 வாரம் என்று எழுதினார்கள்? என் தோழியின் விண்ணப்பத்தை அதைக் காட்டியே திருப்பிவிட்டார்கள்.

வைகைக்கரை: அந்த வரம்பு இருந்தவரை எனக்கு ஆறாத கோபம். ஒப்படைத்த குழந்தையைப் பெற்றவர் மனம் மாறித் திரும்பக் கேட்க 60 நாள் இருக்கிறது. அது கழிந்து, குழந்தையைத் தத்துக்குத் தகுதி என்று அறிவித்து, அதன்பிறகுதான் காத்திருப்போருக்குக் குழந்தையின் விவரம் அனுப்பும் ரெஃபரல். மூன்று மாதத்துக்குள் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த குழந்தை எத்தனை இருக்கும்? இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்; 2026 மார்ச்சில் நீதிமன்றம் அந்த வரம்பை நீக்கிவிட்டது.

மழைத்துளி: எங்கள் நிறுவனக் கொள்கையில் ஒரு வயது வரை இருந்தது, தப்பித்தோம். என் கணவர்தான் மாட்டிக்கொண்டார். அவர் நிறுவனத்தில் தத்தெடுக்கும் அப்பாவுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. பயணத்துக்கே சேர்த்து வைத்த லீவ் போய்விட்டது. மத்திய அரசில் அப்பாவுக்கு 15 நாள் உண்டாமே. தனியாரில் யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா? எப்படி எழுதினீர்கள்?

நெய்தல்: என் தம்பி கேட்டான். "முதலில் குழந்தை வரட்டும், பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

வைகைக்கரை: அந்தப் "பார்க்கலாம்" என்பதை மெயிலில் வாங்கச் சொல்லுங்கள், ரெஃபரல் வருமுன்.