படத்தில் பெல்ட் தொங்குதாம், 2 மதிப்பெண் போச்சாம்

விசில் வாத்தியார்:
சீருடைப் போட்டிக்கு வந்த மூன்றாவது படத்துக்கு என் மதிப்பெண்: காலர் 3க்கு 3, ஷூ 3க்கு 3, முடி 2க்கு 1, பெல்ட் 2க்கு 0. பெல்ட் நடுவில் தொங்குகிறது, கண் உள்ளவன் பார்த்தால் தெரியும். ஒரு பையனை மதிப்பிட ஒரு படம் போதும், நேரில் வரச் சொல்லத் தேவையே இல்லை.

ஒளிப்படக் கிறுக்கன்:
எனக்கும் கண் இருக்கிறது சார், பார்த்தேன். பெல்ட் தொங்கவில்லை. படம் எடுத்த பெரியவர் நின்றபடியே, போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, பையனுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்து எடுத்திருக்கிறார். பெல்ட் என்பது இடுப்பைச் சுற்றிய ஒரு வளையம். வளையத்தை மேலே இருந்து பார்த்தால் அதன் முன்பக்கம் இறங்கித்தான் தெரியும். அவரே போனைத் தரையோடு வைத்து எடுத்திருந்தால் இதே பெல்ட் நடுவில் மேலே வளைந்திருக்கும். அப்போது என்ன சொல்லிக் குறைப்பீர்கள்?

விசில் வாத்தியார்:
நான் எத்தனை அணிவகுப்பில் எத்தனை இடுப்பைப் பார்த்தவன் என்று உமக்குத் தெரியாது. தொங்கும் பெல்ட்டுக்கும் தொங்காத பெல்ட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

ஒளிப்படக் கிறுக்கன்:
நேரில் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். நேரில் பார்க்கும்போது உங்கள் தலை ஆடுகிறது, இரண்டு கண்ணும் வேலை செய்கின்றன, நாலடி தள்ளி நிற்கிறீர்கள். படத்தில் ஒரே ஒரு கண், அதுவும் ஆணி அடித்த இடத்தில். கணக்குப் போட்டே பார்க்கலாம். போன் தரையில் இருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில், பையனின் பெல்ட் சுமார் 80-இல், இடைவெளி ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். பார்வை ஏறக்குறைய 25 பாகை கீழ்நோக்கி விழுகிறது. வயிற்றின் முன்பக்கம் இடுப்பின் ஓரங்களைவிட 10 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், பக்கிள் ஓரங்களைவிட நாலரை சென்டிமீட்டர் கீழே இருப்பதுபோலத் தெரியும். பையன் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அது போகாது. அதே உயரத்தில் நாலு மீட்டர் தள்ளி நின்று எடுத்திருந்தால் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. போனை இடுப்பு உயரத்துக்கு இறக்கியிருந்தால் வளைவே கிடையாது.

இரட்டைவால்:
அப்போ பெல்ட் வாங்கினால் கூடவே டிரைபாடும் வாங்கித் தரணும் போல. 😀

விசில் வாத்தியார்:
பாகை, சென்டிமீட்டர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நீர் சொல்லும் உயரத்தில் இருந்துதான் எடுத்தார் என்பதற்கு என்ன சாட்சி? நீர் அங்கே நின்றீரா? பெல்ட் தொங்குகிறது.

ஒளிப்படக் கிறுக்கன்:
சாட்சி படத்திலேயே இருக்கிறது. பேன்ட்டின் கீழ் ஓரத்தைப் பாருங்கள், இரண்டு காலிலும் அது பெல்ட்டைவிட ஆழமாக வளைந்திருக்கிறது. தரை கேமராவில் இருந்து இன்னும் கீழே இருப்பதால் அங்கே வளைவு அதிகம். காலரின் அடிப்பட்டியைப் பாருங்கள், லேசான வளைவுதான். மேலே இருந்து கீழே போகப்போக வளைவு கூடிக்கொண்டே போகிறது. ஷூவின் மேல்பக்கம் முழுக்கத் தெரிகிறது, லேஸ் கட்டிய முடிச்சை நேராகப் பார்க்கிறோம். இதெல்லாம் மேலே இருந்து எடுத்த படத்தில்தான் வரும். பெல்ட் மட்டும் வளைந்து மற்றதெல்லாம் நேராக இருந்திருந்தால் உங்கள் பக்கம் நானே நின்றிருப்பேன்.

வாணி அம்மா:
குழந்தைகளுக்கு இவ்வளவு இறுக்கமாக பெல்ட் தேவையா என்று யாருமே கேட்கவில்லையே? என் பெண் சாப்பிட்டதும் ஒரு துளை தளர்த்திவிடுவாள், இல்லையென்றால் வயிறு வலி. அதற்கும் மதிப்பெண் குறைப்பீர்களா? சீருடையே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இரட்டைவால்:
அக்கா, இங்கே வயிறு வலிப்பது வாத்தியாருக்கு.

விசில் வாத்தியார்:
அம்மா, பெல்ட் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே பேச்சில்லை. கட்டினால் ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்பதுதான் பேச்சு. ஒளிப்படக்காரரே, உம்முடைய பேன்ட் ஓரமும் காலரும் கேமரா உயரத்தில் இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. பெல்ட் தொங்கவில்லை என்று எங்கே சொல்கிறது? மேலே இருந்தும் எடுத்திருக்கலாம், பெல்ட்டும் தொங்கியிருக்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்கக் கூடாது என்று சட்டமா?

நாலாவது பெஞ்ச்:
முதல் தடவையாக வாத்தியார் பாயிண்டாகப் பேசுகிறார், குறித்து வையுங்கள்.

ஒளிப்படக் கிறுக்கன்:
அதற்கும் பார்க்க இடம் இருக்கிறது. பெல்ட் மட்டும் தளர்ந்து இறங்கினால், முன்பக்கம் பேன்ட்டின் இடுப்புப் பட்டி பெல்ட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும், லூப்பின் மேல்பாதி காலியாக நிற்கும். இந்தப் படத்தில் பட்டி எங்கேயும் தெரியவில்லை, லூப்பில் பெல்ட் முட்டிக்கொண்டு இருக்கிறது.

விசில் வாத்தியார்:
பேன்ட்டே லூசாக இருந்தால்? பட்டியும் பெல்ட்டும் சேர்ந்தே இறங்கும். அப்போது உம்முடைய லூப் என்ன சொல்லும்? பெல்ட் தொங்குகிறது ஐயா.

ஒளிப்படக் கிறுக்கன்:
பேன்ட் இறங்கினால் கீழே துணி சேர்ந்து ஷூ மேல் மடிந்து கிடக்கும், இன் பண்ணிய சட்டையும் பக்கவாட்டில் பிதுங்கும். இங்கே பேன்ட் ஓரம் ஷூவைத் தொட்டும் தொடாமல் நிற்கிறது. இதுக்கு மேலே ஒரு பக்கவாட்டுப் படம் கேட்டு வாங்கினால் விஷயம் முடிந்தது. பக்கத்தில் இருந்து பார்த்தால் பெல்ட் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று குழந்தைகூடச் சொல்லும். ஒரு படம் போதும் என்றீர்களே, அதைத்தான் நான் மறுக்கிறேன்.

விசில் வாத்தியார்:
விதியில் ஒரு படம் என்றுதான் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் இரண்டாவது படம் வாங்கினால் மற்ற பெற்றோர் என் சட்டையைப் பிடிப்பார்கள்.

இரட்டைவால்:
பிடித்தால் உங்கள் காலர் 3க்கு 0 ஆகிவிடும்.

நாலாவது பெஞ்ச்:
காலர் என்றதும் ஞாபகம் வருகிறது. போன தடவை என் தம்பிக்கு முடிக்கு 0 போட்டது இதே வாத்தியார்தான். "முடி கலைந்து பறக்கிறது" என்று எழுதினார். ஜன்னலுக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்த படம் அது. அதை மறக்கவில்லை.

விசில் வாத்தியார்:
பறந்தது, எழுதினேன்.

ஒளிப்படக் கிறுக்கன்:
பின்னால் வெளிச்சம் இருந்தால் எந்தத் தலையிலும் உதிரி முடி ஒவ்வொன்றும் மின்னும். அதே தலையை இருட்டான கதவுக்கு முன்னால் நிறுத்தினால் கறுப்பில் கறுப்பு கரைந்து, வழவழவென்று சீவியதுபோல இருக்கும். முடிக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்னால் பின்னணியைப் பார்க்க வேண்டும். வகிடு நேராக இருக்கிறதா, காதுக்கு மேலே முடி விழுகிறதா, பின்னல் என்றால் ரிப்பன் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா, இவற்றை எந்தப் பின்னணியிலும் ஓரளவு சொல்லலாம். உதிரி முடியைச் சொல்ல முடியாது.

வாணி அம்மா:
என் பெண்ணுக்குச் சுருட்டை முடி. எண்ணெய் வைத்தாலும் நிற்காது. அவளுக்கு எந்தக் கதவு முன்னால் நிற்க வேண்டும்?

இரட்டைவால்:
கதவுக்குப் பின்னால், அக்கா.

வாணி அம்மா:
தம்பி, நான் ஒழுங்காகத்தானே கேட்டேன்?

விசில் வாத்தியார்:
பேச்சை முடிக்குத் திருப்பாதீர்கள். பெல்ட் தொங்குகிறது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஒளிப்படக் கிறுக்கன்:
நாலு தடவை வந்தது. சரி, நீங்கள் முழு மதிப்பெண் அள்ளிக் கொடுத்த இடத்துக்கு வருவோம். ஷூவுக்கு 3 எதை வைத்துப் போட்டீர்கள்?

விசில் வாத்தியார்:
பளபளப்பை வைத்து. இரண்டு ஷூவின் முனையிலும் வெள்ளையாக மின்னுகிறது. அந்தப் பையன் பாலீஷ் போட்டிருக்கிறான், அதை நான் மறைக்கவில்லையே. நியாயமாகத்தான் போட்டேன்.

ஒளிப்படக் கிறுக்கன்:
அந்த வெள்ளைப் புள்ளி போனின் ஃபிளாஷ். இரண்டு ஷூவிலும் ஒரே இடத்தில், சின்னதாக, ஒரே மாதிரி இருக்கிறது. ரெக்சின் ஷூ என்றால் பாலீஷே போடாவிட்டாலும் அந்தப் புள்ளி வரும். நன்றாகத் தேய்த்த தோலில் ஜன்னலின் ஓரமோ கதவின் கோடோ தெளிவாகத் தெரியும், புள்ளியாக மட்டும் நிற்காது. இன்னொன்று, வெள்ளைச் சட்டைக்கு ஏற்றபடி கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டதால் கறுப்பு ஷூ வெறும் கறுப்புத் திட்டாகிவிட்டது. தூசி தங்குவது மேல்தோலும் அடிப்பாகமும் சேரும் தையலில். அந்த இடத்தை இந்தப் படத்தில் உங்களால் காட்டவே முடியாது. அனுப்பி அனுப்பிச் சுருங்கிய படம் வேறு. அதனால் ஷூ சுத்தம் என்றும் சொல்ல முடியாது, அழுக்கு என்றும் சொல்ல முடியாது.

நாலாவது பெஞ்ச்:
அப்போ பையனுக்கு ஷூவில் 3 போகுது, பெல்ட்டில் 2 வருது. மொத்தம் 6. உதவி பண்ண வந்தீங்களா, உபத்திரவம் பண்ண வந்தீங்களா?

இரட்டைவால்:
பையனின் அம்மா இந்தப் பக்கம் வராமல் இருக்கணும்.

ஒளிப்படக் கிறுக்கன்:
நான் குறைக்கச் சொல்லவில்லை. தெரியாததற்கு மதிப்பெண் போடாதீர்கள், எடுக்கவும் எடுக்காதீர்கள் என்கிறேன். ஷூவில் லேஸ் தெரிகிறது, இரண்டும் ஒரே மாதிரி கோர்த்து முனைகள் தொங்காமல் இருக்கின்றன. அதற்கு ஒன்று தாராளமாகப் போடலாம். காலருக்கும் 3 போட்டீர்கள். மேலே இருந்து எடுத்ததால் தாடை மறைத்து மேல் பட்டன் தெரியவே இல்லை. போட்டானா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

விசில் வாத்தியார்:
காலரின் இரண்டு முனையும் சமமாகப் படிந்திருக்கிறது. பட்டன் போடாத காலர் விரிந்து நிற்கும். அது அனுபவம்.

ஒளிப்படக் கிறுக்கன்:
இதில் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. கஞ்சி போட்ட காலர் என்றால் பட்டன் இல்லாமலும் படிந்து நிற்கும்.

விசில் வாத்தியார்:
பார்த்தீர்களா எல்லோரும்! நான் சொன்னது சரி என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒளிப்படக் கிறுக்கன்:
காலரைச் சொன்னேன். அதுவும் ஓரளவு.

நாலாவது பெஞ்ச்:
ஐந்தாவது படத்தைப் பாருங்கள், சட்டைப் பாக்கெட் வலது நெஞ்சில் இருக்கிறது. தப்பான சட்டை. அதற்கு வாத்தியார் 9 போட்டிருக்கிறார். என் தம்பி என்றால் 0.

ஒளிப்படக் கிறுக்கன்:
அது கண்ணாடிப் பிம்பம் மாதிரித் திரும்பிய செல்ஃபி. பையனின் சட்டையில் பட்டன் அவனுக்கு வலது பக்கமும் காஜா இடது பக்கமும் இருக்க வேண்டும், அங்கே அதுவும் மாறியிருக்கிறது. பேட்ஜில் இருக்கும் எழுத்தையும் வாசித்துப் பாருங்கள்.

நாலாவது பெஞ்ச்:
எழுத்து மங்கலாக இருக்கிறது. எனக்கு அது தப்பான சட்டைதான்.

விசில் வாத்தியார்:
ஐந்தாவது படத்தைப் பிறகு பார்ப்போம். மூன்றாவதில் பெல்ட் தொங்குகிறது. பட்டியல் நாளை காலை ஒட்டப்படும், 7 என்றே இருக்கும்.

ஒளிப்படக் கிறுக்கன்:
ஒட்டுங்கள். பக்கத்தில் நீங்களே உங்கள் பெல்ட்டோடு நின்று, உங்களைவிட உயரமான ஒருவரை ஒன்றரை மீட்டரில் இருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லி அதையும் ஒட்டுங்கள்.

விசில் வாத்தியார்:
என் பெல்ட் தொங்காது.

வாணி அம்மா:
சுருட்டை முடிக்கு யாராவது பதில் சொல்லுங்களேன், போட்டிக்குப் படம் அனுப்ப இன்றைக்குத்தான் கடைசி.