இட்லி மாவு பொங்கிவிட்டதா? படம் பார்த்துச் சொல்லுங்கள் (எடின்பரோ, ஜனவரி)

எடின்பரோ, வந்து 3 மாதம்

ஊரில் அம்மா இரவு அரைத்து வைத்தால் காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே வந்து இதுதான் முதல் தடவை நானே அரைப்பது. 1 டம்ளர் உளுந்து, 4 டம்ளர் இட்லி அரிசி, அரை ஸ்பூன் வெந்தயம். மிக்ஸியில் அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, நேற்று இரவு 9 மணிக்கு அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தேன். இரவு 11 மணிக்கு மேல் வீட்டில் ஹீட்டிங் நின்றுவிடும். காலையில் சமையலறையில் 16 டிகிரி.

இப்போது 12 மணி நேரம் ஆகிவிட்டது. மேலே இருந்து எடுத்த படம் போட்டிருக்கிறேன். மேற்பரப்பு முழுக்கப் பொடிப் பொடியாகக் குமிழ், வெள்ளையாகப் பளபளவென்று இருக்கிறது, ஓரத்தில் நாலைந்து குமிழ் பெரிதாக இருக்கிறது. ஊற்றலாமா? நாளைக் காலை இரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.

டொராண்டோ, யாழ்ப்பாணத்து அம்மா

பிள்ளை, குமிழ் வந்துவிட்டது என்றால் மா புளித்துவிட்டது. சந்தேகம் என்றால் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோ. மிதந்தால் காணும். நான் 30 வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன்.

எடின்பரோ

விட்டுப் பார்த்தேன், மிதக்கிறது! அப்போது இட்லித் தட்டை எடுக்கலாமா?

ஸ்டுட்கார்ட், முன்பு கோவையில் மாவுக்கடை

கொஞ்சம் பொறுங்கள். கோவையில் 11 வருஷம் மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாவு இன்னும் பொங்கவில்லை.

தண்ணீரில் மிதக்கிற சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அது உளுந்து சரியாக அரைந்ததா என்று பார்ப்பதற்கு. உளுந்தில் இருக்கும் பசை, அரைக்கும்போது உள்ளே போகிற காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அரைத்து முடித்த அடுத்த நிமிஷம் விட்டுப் பார்த்தாலும் மிதக்கும். நேற்று இரவே நீங்கள் விட்டிருந்தால் இதே பதில்தான் வந்திருக்கும்.

படத்துக்கு வருகிறேன். ஓரத்தில் இருக்கிற நாலைந்தைத் தவிர உங்கள் குமிழ் எல்லாம் கடுகைவிடச் சிறிது, எல்லாம் ஒரே அளவு. இது மிக்ஸி அடித்த நுரை, மேலே ஏறி நிற்கிறது. பொங்கின மாவில் குமிழ்கள் இப்படி ஒரே வயதில் இருக்காது. ஒன்று இப்போதுதான் மேலே வரும், ஒன்று உப்பி நிற்கும், ஒன்று வெடித்துக் குழியாகியிருக்கும். கடுகு, மிளகு, கொத்தமல்லி விதை மூன்றையும் கலந்து தூவினதுபோல் இருக்கும். பளபளப்பும் போய்விடும். பளபளவென்று இருக்கிற மாவு பெரும்பாலும் கலக்கி வைத்த நிலையிலேயே இருக்கிற மாவு.

மேலிருந்து எடுத்த படத்தில் முக்கியமான விஷயம் தெரியவே தெரியாது: எவ்வளவு உயர்ந்தது என்பது. நீங்கள் வைத்திருப்பது மேலே விரிகிற கிண்ணம். மாவு ஏற ஏற அகலமும் கூடுவதால் உயரம் குறைவாகத்தான் தெரியும். இப்படிச் செய்யுங்கள். நேர்ச்சுவர் உள்ள ஒரு கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் மாவை ஊற்றி, மாவு நிற்கிற மட்டத்தில் ரப்பர் பேண்ட் போடுங்கள். ஜாடியில் பாதிக்குமேல் ஊற்ற வேண்டாம். அந்த ஜாடியைக் கிண்ணத்தின் பக்கத்திலேயே வையுங்கள். கிண்ணத்தில் நடப்பதற்கு ஜாடி சாட்சி.

அடுத்த படங்களை ஜாடியின் பக்கத்திலிருந்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், குழி எல்லாம் மறைந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்தால் போதும்.

சூடும் வேண்டும். அடுப்பைப் போடாமல், ஓவனுக்குள் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்துக் கதவை மூடி, அதற்குள் கிண்ணத்தையும் ஜாடியையும் வையுங்கள். உள்ளே 28 முதல் 30 டிகிரி இருந்தால் நல்லது. 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

டொராண்டோ

ஓவன் விளக்கைப் போட்டால் காணுமே, தண்ணீர் எதற்கு?

ஸ்டுட்கார்ட்

பழைய விளக்கு என்றால் சரி அம்மா, அது சூடாகும். இப்போது எல்.இ.டி. விளக்காக இருந்தால் வெளிச்சம் மட்டும்தான் வரும். பக்கத்தில் கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மெல்போர்ன்

என் மாவையும் பாருங்கள். இங்கே வெயில் கொளுத்துகிறது, நேற்று 38 டிகிரி. மாலை 4 மணிக்கு வைத்தேன், இரவு 10 மணிக்குப் பார்த்தால் பாதி மேடையில் வழிந்துகிடக்கிறது. இன்று காலை எடுத்த படம் இது. எப்படி வழியாமல் வைப்பது?

ஸ்டுட்கார்ட்

வழிவது பாத்திரம் சிறிதாக இருப்பதால். பாதி அளவுக்கு ஊற்றினால் வழியாது. ஆனால் உங்கள் படத்தில் வேறு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். எடின்பரோவும் பார்த்துக்கொள்ளட்டும், இது இன்னொரு கோடி.

பாத்திரத்தின் விளிம்பில் மாவு காய்ந்த கோடு ஒன்று இருக்கிறது, மாவு அதற்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது. அதாவது அந்த உயரம் வரைக்கும் ஏறி, பிறகு இறங்கியிருக்கிறது. நடு குழிந்திருக்கிறது. குமிழ் எல்லாம் உடைந்து பெரிய ஓட்டைகள். ஓரத்தில் மெல்லிய தண்ணீர் பிரிந்து நிற்கிறது. இது பொங்கி முடிந்து அமர்ந்த மாவு. இட்லி ஊற்றினால் தட்டையாக, பசை பசையாக வரும். தோசைக்கு அருமையாக இருக்கும். ஊத்தப்பத்துக்கும் ஆகும்.

இன்னொன்று. பொங்குவது வேறு, புளிப்பது வேறு. குமிழும் உயரமும் பொங்கலைக் காட்டும். புளிப்பு எவ்வளவு என்று எந்தப் படமும் சொல்லாது, அதை மூக்கிடம்தான் கேட்க வேண்டும். 38 டிகிரியில் இரண்டும் சேர்ந்து ஓடுகிறது. குளிரில் கொஞ்சம் தண்ணீராக அரைத்த மாவு பொங்காமலே புளிக்கும். காற்று மேலே வந்து வெடித்துப் போய்விடும், உள்ளே நிற்காது. தூரம் தூரமாகப் பெரிய குமிழ், உயரமே இல்லை என்றால் மாவில் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

மெல்போர்ன்

அப்போது தோசையே ஊற்றிவிடுகிறேன். மேலே சாம்பல் நிறத்தில் ஏடு மாதிரி இருக்கிறதே, அது கெட்டுப்போனதா?

ஸ்டுட்கார்ட்

காற்றுப் பட்டுக் காய்ந்த ஏடு என்றால் பரவாயில்லை, வழித்துப் போடுங்கள். ரோஸ், ஆரஞ்சு, பச்சை, கறுப்புப் புள்ளியோ, பஞ்சு மாதிரி வளர்ந்ததோ இருந்தால் முழு மாவையும் கொட்டிவிடுங்கள். மேலே மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது.

எடின்பரோ

மாலை 3 மணி. ஜாடியில் காலை 10 மணிக்கு 7 செ.மீ. இருந்தது, இப்போது 7.8 செ.மீ. 5 மணி நேரத்தில் இவ்வளவுதானா? அழுகையாக வருகிறது. படம் 2 போட்டிருக்கிறேன், பக்கத்திலிருந்து.

ஸ்டுட்கார்ட்

எனக்கு இந்தப் படம் பிடித்திருக்கிறது. ஜாடியின் அடிப்பகுதியைப் பாருங்கள். கண்ணாடியை ஒட்டி, அரிசி நீளத்தில் நாலைந்து குமிழ் இருக்கிறது. காலையில் குமிழ் எல்லாம் மேலே மட்டும்தான் இருந்தது. இப்போது அடியிலிருந்து கிளம்புகிறது, இது மிக்ஸி நுரை இல்லை. இரவெல்லாம் குளிரில் கிடந்த மாவு இப்போதுதான் கண் திறந்திருக்கிறது. இனி வேகமாக ஏறும். கலக்காதீர்கள், மூடியை அடிக்கடி திறக்காதீர்கள்.

டொராண்டோ

கல் உப்புப் போட்டிருந்தால் இந்நேரம் பொங்கியிருக்கும். அயோடின் உப்பு மாவைப் பொங்க விடாது.

ஸ்டுட்கார்ட்

கடையில் நாங்கள் கல் உப்புதான் போட்டோம். இங்கே வீட்டில் அயோடின் உப்புப் போட்டும் பொங்குகிறது. குளிரைவிட உப்பு பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

டொராண்டோ

எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் உப்பை மாற்றின பிறகுதான் சரிவந்தது.

எடின்பரோ

இரவு 7 மணிக்கு 9.6 செ.மீ. நடுவில் மேடாக, குடை மாதிரி உப்பி நிற்கிறது. 10 மணிக்கு 11.5 செ.மீ. இப்போது மேடு இல்லை, மட்டமாக இருக்கிறது, சின்னச் சின்னக் குழிகள். படம் 4-ல் கலக்காமல் நடுவில் ஒரு கரண்டி எடுத்து அந்த இடத்தைக் காட்டியிருக்கிறேன். எனக்குப் பயம், இறங்க ஆரம்பித்துவிட்டதா?

ஸ்டுட்கார்ட்

இல்லை. 7 மணிக்கு மேடாக இருந்தபோது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது மட்டமாகி நிற்கிறது, சுவரில் மாவுக்கு மேலே காய்ந்த கோடு இல்லை. 7-லிருந்து 11.5 என்றால் ஒன்றரை மடங்குக்கு மேல். கரண்டி எடுத்த இடத்தில் உள்ளே வலை வலையாக இருக்கிறது, மாவு கிழிந்து நூல் விடுகிறது. இட்லிக்கு இதுதான் நேரம். மூக்கில் என்ன வருகிறது?

எடின்பரோ

லேசாகப் புளிப்பு, மோர் மாதிரி. மூக்கைக் குத்தவில்லை.

ஸ்டுட்கார்ட்

அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் அரை செ.மீ. அமர்ந்திருந்தால் பயப்படாதீர்கள், குளிரில் காற்று சுருங்கும். ஓரத்தில் தண்ணீர் பிரிந்தால் மட்டும் சொல்லுங்கள். காலையில் அடிவரை போட்டுக் கலக்கக் கூடாது. மேலிருந்து கரண்டியால் அள்ளி அப்படியே தட்டில் விடுங்கள்.

எடின்பரோ

ஊற்றியாயிற்று. முதல் தட்டு 12 நிமிஷம், 5 நிமிஷம் ஆறவிட்டு எடுத்தேன். பிளந்து பார்த்த படம் 5-ல் இருக்கிறது, உள்ளே ஓட்டை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. இரண்டு பேரும் ஆளுக்கு ஏழு சாப்பிட்டார்கள். கடைசித் தட்டுக்கு மட்டும் அடியில் இருந்ததைக் கலக்கிவிட்டேன், அது தட்டையாக வந்தது.

மிச்சம் இரண்டு கரண்டி மாவு இருக்கிறது. அடுத்த தடவை அரைக்கும் மாவில் இதைச் சேர்த்தால் குளிரில் சீக்கிரம் பொங்குமா?

டொராண்டோ

சேருங்கோ பிள்ளை, நான் எப்போதும் ஒரு கரண்டி மிச்சம் பிடித்து வைப்பேன்.

ஸ்டுட்கார்ட்

சேர்க்கலாம். சீக்கிரம் கிளம்பும், ஆனால் புளிப்பும் முன்னாடியே வந்துவிடும். அதனால் ஜாடியில் ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு, 8 மணி நேரத்திலிருந்தே பார்க்க ஆரம்பியுங்கள்.