மருத்துவமனை விண்ணப்பக் கடிதத்தில் என் பிழையைச் சொல்லலாமா?

மருந்துக்கடையில் ஆறு வருடம் மருந்தாளுநராக இருக்கிறேன். மருத்துவமனை வேலைக்குக் கடிதம் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை கடைசி நாள். உரிமம் பற்றிச் சிக்கல் இல்லை. பதிவு எண்ணையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் ஒரே வரியில் எழுதிவிட்டேன்.

மருந்து வழங்கும் துல்லியம் பற்றிய பத்தியில்தான் நிற்கிறேன். முதலில் 'இதுவரை ஒரு பிழையும் இல்லை' என்று எழுதினேன். அது உண்மையில்லை, அழித்துவிட்டேன். 'மிகக் கவனமாக வேலை செய்வேன்' என்பதில் விஷயமே இல்லை. அப்புறம் நடந்ததையே எழுதினேன்.

சீட்டில் இருந்தது அரிப்புக்கான ஹைட்ராக்சிசின். நான் எடுத்தது பக்கத்திலேயே இருந்த ஹைட்ரலசின், ரத்த அழுத்த மாத்திரை. கொடுக்கும் முன் வழக்கம்போல, "இது எதற்கென்று டாக்டர் சொன்னார்?" என்று கேட்டேன். "அரிப்புக்கு" என்றார் அந்த அம்மா. உடனே மாற்றிக் கொடுத்தேன். பதிவேட்டில் எழுதினேன், இரண்டையும் வேறு வேறு தட்டில் வைத்தேன். நோயாளியிடம் பேசுவதே என் கடைசிச் சரிபார்ப்பு என்பதற்கு இதைவிடச் சான்று என்னிடம் இல்லை.

மருத்துவமனையில் ஆள் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: இதைக் கடிதத்திலேயே எழுதலாமா, நேர்காணலுக்கு வைத்துக்கொள்ளலாமா?