புதுப்பிப்பு: தொங்கு அட்டையில் நூல் துளை கிழிவது

நாங்கள் முன்பு கேட்டது: “கைத்தையல் பைகளில் கட்டும் விலை அட்டை, நூல் துளையிலேயே கிழிந்துபோகிறது, விலையெழுதிய மையும் அழிகிறது. என்ன செய்யலாம்?”

தடித்த அட்டை போதும் என்று ஒரு தம்பி சொன்னதில் பாதிதான் உண்மை: மூலைகள் மடங்குவது நின்றது, துளை கிழிவது நிற்கவில்லை. அச்சகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த அண்ணன் ஒருவரின் விளக்கமே கைகொடுத்தது. காகிதம் தன் நார் ஓடும் திசையில் எளிதாகக் கிழியும் என்பதால், அந்த நார் அட்டையின் நீளவாக்கில் ஓடினால், நூல் இழுக்கும்போது துளையிலிருந்து மேல்விளிம்பு வரை நேராகப் பிளந்துவிடும். அட்டையை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதாக வளையும்போது விழும் மடிப்புக்கோடே நாரின் திசை. அது குறுக்காக அமையும்படி வெட்டி, 4 மில்லிமீட்டர் துளைக்கு மேலே 6 மில்லிமீட்டர் காகிதம் விட்டோம். தேக்கா கடையில் தொங்கும் பைகளில் இதுவரை கிழியவில்லை.

பளபளப்புப் பூச்சை முன்புறச் சின்னத்தோடு நிறுத்தி, பின்புற விலைக் கட்டத்தைப் பூச்சின்றி விட்டதால் பந்துமுனைப் பேனா மை நன்றாகப் பிடிக்கிறது. சோப்பு செய்யும் அக்கா ஒருவர், அட்டையில் படியும் எண்ணெய்க் கறைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை.