மூன்று ஆண்டுகளாக ஒத்துக்கொண்ட பர்ஃபியூம் இப்போது கழுத்தில் அரிக்கிறதா? குழப்பமாக இருக்கிறது

இளவேனில்:
ஒரே பர்ஃபியூமை மூன்று ஆண்டுகளாக அடித்துவருகிறேன். புட்டியில் இன்னும் கால்பங்கு இருக்கிறது. இரண்டு மாதமாகக் கழுத்தின் முன்பக்கமும் இடது காதின் கீழும் சிவந்து அரிக்கின்றன. சிறு நீர்ப்பொரிகள் வந்து, பிறகு செதில் செதிலாக உரிகிறது. பர்ஃபியூமாக இருக்காது என்று நினைத்தேன். ஏனென்றால் சனிக்கிழமை மட்டும்தான் அடிக்கிறேன், அன்று ஒன்றும் ஆவதில்லை. திங்கள் காலைதான் அரிப்பு தொடங்குகிறது. பெட்டியில் ஆல்கஹால், பர்ஃபியூம், தண்ணீர், லிமோனீன், லினலூல், ஜெரானியோல், கூமரின், சிட்ரால் என்று இருக்கிறது. இவற்றில் எதைச் சந்தேகிப்பது?

கதிரவன்:
ஆல்கஹால்தான், வேறென்ன. தோலை வறட்டிவிடும். ஆல்கஹால் இல்லாத, இயற்கை எண்ணெயில் செய்த வாசனைக்கு மாறுங்கள், சரியாகிவிடும்.

தாமரை:
எனக்கும் இதே தொல்லை! ரோல்-ஆன் மாற்றியதும் இரண்டு அக்குளிலும் குழிவுக்குள் மட்டும் சிவந்துபோனது. நீங்கள் எந்த ரோல்-ஆன் போடுகிறீர்கள்?

மருதன்:
தாமரை, அவர் கழுத்தைப் பற்றிக் கேட்கிறார். ஆனால் உங்கள் குறிப்பும் பயனுள்ளதுதான்: குழிவுக்குள் சிவந்தால் டியோடரண்டைச் சந்தேகிக்கலாம், குழிவை விட்டு ஓரத்தில் சிவந்தால் பெரும்பாலும் சட்டைத் துணியின் சாயம்.

இளவேனில், தோல் மருத்துவப் பிரிவில், சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் பேட்ச் டெஸ்டை ஒட்டுவதும் படிப்பதும் என் வேலை. ஒரு கேள்வி: புட்டியை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள்?

இளவேனில்:
வலது கையில். ஏன் கேட்கிறீர்கள்?

மருதன்:
வலக்கைக்காரர்கள் பலர் கழுத்தின் இடப்பக்கம்தான் அடிப்பார்கள். தடிப்பு வந்த இடமும் அதுவே. நாள் தள்ளி வருவதைக் காட்டி நீங்கள் பர்ஃபியூமை விடுவித்தீர்கள். எனக்கோ அதுதான் பெரிய துப்பு. ஆல்கஹால் எரிச்சல் என்றால் அடித்த சில நிமிடத்தில் சுரீரென்று எரியும், சீக்கிரம் அடங்கும். ஒவ்வாமையில் தோலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வர ஒன்றிலிருந்து மூன்று நாள் பிடிக்கும். எரிச்சலைவிட அரிப்பு மிகும், நீர்ப்பொரி வரும். பல ஆண்டு ஒத்துக்கொண்டிருந்தது என்பதும் விலக்குக் காரணம் இல்லை: உடல் ஒரு பொருளை எதிரியாகப் பழகிக்கொள்வதே பெரும்பாலும் பலமுறை பட்ட பிறகுதான்.

என் முதல் சந்தேகம் லினலூலும் லிமோனீனும். புதிதாக இருக்கும்போது இவை சாது. மூடியைத் திறந்து மூடி, கால்பங்கு மட்டும் மிஞ்சிய புட்டியில் காற்று அதிகம். ஆக்சிஜன் பட்டு இவை ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும். தோலைக் கிளப்புவது பெரும்பாலும் அந்த மாறிய வடிவம்தான்.

கதிரவன்:
அப்படியானால் இயற்கை எண்ணெய் நல்லதுதானே?

மருதன்:
லாவெண்டர் எண்ணெயில் லினலூல் ஏராளம், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். அந்த மூலக்கூறு செடியிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று தோல் பார்ப்பதில்லை. ஆல்கஹால் வறட்டும் என்று நீங்கள் சொன்னது மட்டும் சரி.

இளவேனில்:
பட்டியலில் இல்லாத பொருளாகவும் இருக்கலாமா?

மருதன்:
இருக்கலாம். ‘பர்ஃபியூம்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல பத்துப் பொருள்கள் ஒளிந்திருக்கும். ஐரோப்பிய விதிப்படி, கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் குறிப்பிட்ட சில வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். நெடுங்காலம் 26 பெயர்கள்தான். 2023-இல் 80-க்கும் மேலாக விரித்தார்கள், நடைமுறைக்கு வர அவகாசமும் கொடுத்தார்கள். உங்கள் பழைய பெட்டியில் புதிய பெயர்கள் இருக்காது.

தடிப்பு முழுதும் ஆறட்டும். பிறகு அதே பர்ஃபியூமை முழங்கையின் உட்புறம் ஒரே இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய அளவில், நாளுக்கு இருமுறை தடவுங்கள். சிவந்தால் அப்போதே நிறுத்துங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் இரண்டு வாரம் வரை பாருங்கள், பாதியில் விட்டுவிடாதீர்கள். கழுத்திலும் முகத்திலும் வேண்டாம்.

இளவேனில்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நான்காம் நாள் மாலை கையில் சிவந்து, மறுநாள் பொரிப்பொரியாக வந்துவிட்டது. புட்டியைத் தூக்கி எறிந்துவிட்டேன். பேட்ச் டெஸ்டுக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.

மருதன்:
வழக்கமான வாசனைக் கலவை இரண்டை முதுகில் ஒட்டுவார்கள். முதல் கலவையில் ஜெரானியோல் இருக்கிறது, இரண்டாவதில் சிட்ராலும் கூமரினும். லினலூலும் லிமோனீனும் இரண்டிலும் இல்லை! அவற்றின் ஹைட்ரோபெராக்சைடுகளைத் தனியாக ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். சுத்தமான லினலூலை ஒட்டினால் ‘ஒன்றுமில்லை’ என்று வரக்கூடும். இரண்டு நாளில் பட்டையைக் கழற்றுவார்கள், ஆனால் மூன்றாவது அல்லது நான்காவது நாள் மறுபடி பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

தாமரை:
ஷாம்பூவிலும் லினலூல் இருக்கிறதே, அதையும் விட வேண்டுமா?

மருதன்:
கழுவிவிடுவது என்பதால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் நுரை வழிவது கழுத்து வழியாகத்தான். இளவேனிலுக்கு எப்படி என்று இப்போது சொல்ல மாட்டேன்.